ஐந்தாம் இலக்கத்துக் கடிதம்

கடித உறை எது கையில் வந்தாலும் ஞானாம்பிகை அதை உடனே கிழிப்பதில்லை. உறையின் ஒரு கரையை மேசையில் இரண்டு தரம் தட்டுவார். உள்ளே இருக்கிற கடதாசி அந்தப் பக்கமாகச் சரிந்து விழும். பிறகு வெளிச்சத்துக்குப் பிடித்து, கடதாசி இல்லாத கரை எது என்று பார்த்து, அந்தக் கரையை மட்டும் கத்தரிக்கோலால் நூல் பிடித்தமாதிரி வெட்டுவார். கடிதத்தை வெளியே எடுத்ததும் வாசிக்கமாட்டார். வலது மேல் மூலையில் சிவப்புப் பேனையால் ஒரு சின்ன வட்டம் போட்டு, அதற்குள் வந்த திகதியும் நேரமும் எழுதுவார். அதற்குப் பிறகுதான் மூக்குக்கண்ணாடி. முப்பத்தொரு வருடம் தபாற்கந்தோரில் இருந்தவர். கடைசி ஒன்பது வருடம் தபாலதிபர். ஓய்வு பெற்று மூன்று வருடமாகியும் கை அந்த வேலையை விடவில்லை.

அன்றைக்கு வந்தது உறையில்லாத கடிதம். புத்தூர்ச் சந்தியில் கொமினிக்கேசன் கடை வைத்திருக்கும் லெனாட் தொலைபேசியில் கூப்பிட்டான். ஞானாம்பிகையின் மின்னஞ்சல் முகவரியைத் திறந்து கொடுத்ததும் அவன்தான், கடவுச்சொல்லை ஞாபகம் வைத்திருப்பதும் அவன்தான்.

"ஞானக்கா, உங்களுக்கு ஒரு மெயில் வந்து கிடக்கு. கணக்காளர் பிள்ளை அனுப்பியிருக்கிறா. பிரிண்ட் எடுத்து வைக்கட்டோ?"

"வாசிச்சனியோ?"

"சீச்சீ. நான் என்னத்துக்கு வாசிக்கிறன்?" என்றான் லெனாட். பிறகு ஒரு கணம் விட்டு, "ஆனால் ஐஞ்சாம் நம்பரை வடிவாப் பாருங்கோ அக்கா" என்றான்.

ஞானாம்பிகை சைக்கிளில் போய் அதை வாங்கிக்கொண்டு வந்தார். வட்டம் போட்டு, நவம்பர் 6, காலை 10.20 என்று எழுதிவிட்டு வாசித்தார்.

அன்புள்ள திருமதி என்று தொடங்கியிருந்தது. ஞானாம்பிகை திருமதியை வெட்டிச் செல்வி ஆக்கினார். அதை மட்டும் விட்டால் மற்றதெல்லாம் பிழையில்லாத எழுத்து.

"உங்கள் வருமானவரி விவரத்திரட்டைத் தயாரிக்க இன்னும் சில ஆவணங்கள் தேவை. நீங்கள் ஒரு நிலையான வைப்புக்கான சான்றிதழை மட்டும் தந்திருந்தீர்கள். ஆனால் வங்கி, வருமானவரித் திணைக்களத்துக்குக் கொடுத்த விபரத்தில் உங்கள் வரி இலக்கத்தின்கீழ் ஐந்து வைப்புகள் உள்ளன. ஆகவே பின்வருவனவற்றைத் தயவுசெய்து தரவும்.

1. ஐந்து வைப்புகளுக்கும் வட்டியையும் அதிலிருந்து பிடித்த நிறுத்திவைத்தல் வரியையும் காட்டும் வங்கிச் சான்றிதழ்கள்.
2. மார்ச் 31ஆம் திகதி எல்லாக் கணக்குகளிலும் இருந்த மீதியை உறுதிப்படுத்தும் கடிதம்.
3. ஓய்வூதியம் வரவு வைக்கப்படும் கணக்கின் கூற்று. (ஓய்வூதியத்துக்கு வரி இல்லை. ஆனால் காட்டவேண்டும்.)
4. உங்கள் பெயரில் உள்ள வீடு, காணி உறுதிகளின் பிரதி.
5. வைப்புகளில் உள்ள பணம் வேறு யாருக்காவது உரியதாயின், அவர்கள் ஒவ்வொருவரும் ஒப்பமிட்ட கடிதம், கடவுச்சீட்டின் பிரதி, பணம் அனுப்பியதற்கான வங்கிச் சீட்டுகள்.

இவை எல்லாம் நவம்பர் 20ஆம் திகதி மாலை நான்கு மணிக்கு முன் எனக்குக் கிடைக்கவேண்டும். விவரத்திரட்டு சமர்ப்பிக்கும் கடைசி நாள் நவம்பர் 30. அது பிந்தினால் தண்டம் ஐம்பதாயிரம் ரூபாவிலிருந்து தொடங்கும். வரி ஏதும் கட்டவேண்டியிருந்தால் அது செப்ரெம்பர் 30ஆம் திகதியே கட்டியிருக்கவேண்டியது. அதற்கு வட்டி ஏற்கனவே ஏறிக்கொண்டிருக்கிறது. ஐந்தாம் இலக்கம் கிடைக்காவிட்டால் முழுவதையும் உங்கள் வருமானமாகவே காட்டவேண்டிவரும் என்பதைத் தயவுடன் அறியத்தருகிறேன். தர்சினி."

ஞானாம்பிகை இரண்டாம் தரம் வாசித்தார். தான் ஒன்றையும் மறைக்கவில்லை என்பதுதான் முதலில் மனதில் வந்தது. தன்னுடையது எதுவோ அதைத்தான் கொண்டுபோய்க் கொடுத்தார். ஓய்வு பெறும்போது கிடைத்த பணிக்கொடையைப் போட்ட ஒரேயொரு வைப்பு. மற்ற நான்கும் அவருடைய பேரில் கிடந்தனவே தவிர அவருடையவை அல்ல. அது வீட்டுக்குத் தெரியும், ஊருக்குத் தெரியும், லெனாட்டுக்கும் தெரியும். திணைக்களத்துக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை.

இரண்டு வைப்புகள் ரொறொன்ரோவில் இருக்கும் அண்ணன் கதிரவேலுவுடையவை. இரண்டு லண்டனில் இருக்கும் தம்பி ஜெயரூபனுடையவை. கலியாணம் முடிக்காமல் புத்தூரிலேயே நின்றுவிட்டவர் ஞானாம்பிகை ஒருவர்தான். நின்றவரிடம் எல்லாம் வந்து சேர்ந்தன. அண்ணன் வீட்டுப் பூட்டின் திறப்பு, தம்பி வீட்டுத் திறப்பு, கிணற்று மோட்டர் பழுது பார்க்கிற வேலை, கோயில் உபயச் சிட்டை, யார் வீட்டுச் செத்தவீட்டுக்கு யார் சார்பில் போவது என்ற முடிவு. பிறகு பணமும் வந்தது.

அவருக்கு அறுபது வயதான அன்று காலையிலேயே இரண்டு பேரும் கூப்பிட்டு வாழ்த்தினார்கள். அதுவரைக்கும் ஒருவருக்கும் அவருடைய பிறந்தநாள் ஞாபகமிருந்ததில்லை. மூத்த பிரசைகளுக்கு வங்கி கொஞ்சம் கூட வட்டி கொடுக்கிறது என்ற சங்கதி அடுத்த கிழமை தெரியவந்தது.

"உன்ரை பேரிலை போடு பிள்ளை. வேறை ஆரை நம்புறது?" என்றார் கதிரவேலு.

"அக்கா எண்டால் எனக்குக் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம்" என்றான் ஜெயரூபன்.

இந்தச் சொல்லில்தான் ஞானாம்பிகை விழுந்தார். ஊரார் காசுக்கட்டளைகளை முப்பத்தொரு வருடம் ஒரு சதம் பிசகாமல் கொடுத்தவர். அவரைப் பற்றி ஒருவன் நம்பிக்கை என்று சொன்னால் அது பணத்தைவிடப் பெரிது. ஒவ்வொரு வைப்புக்கும் ஒரு பழுப்பு உறை. மேலே பெயர், உள்ளே அனுப்பிய சீட்டு, வட்டி எடுத்த நாள், எதற்குச் செலவழித்தது என்ற துண்டு. இந்த வருடத்து வட்டியில் அண்ணன் பங்கு கோயில் திருவிழாவுக்கும் மணிக்கோபுர வேலைக்கும் போனது. தம்பியின் பங்கு அவன் ஆடியில் வந்து ஒரு மாதம் நின்றபோது வாகனத்துக்கும் விருந்துக்கும் கரைந்தது. எதுவும் மிச்சமில்லை.

முதல் நான்கு இலக்கங்களும் ஐந்து நாளில் முடிந்தன. வங்கிச் சான்றிதழ்களுக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்து, அடுத்த நாள் போய், மத்தியானம் வரை இருந்து வாங்கினார். காணி உறுதியைப் படியெடுத்தார். ஒவ்வொன்றும் முடிய மின்னஞ்சல் பிரதியில் சரி அடையாளம் போட்டார். ஐந்தாம் இலக்கத்துக்கு நேரே இருந்த சின்னப் பெட்டி வெறுமையாக இருந்தது.

ஒரு பின்னேரம் ஆறரை மணிக்கு ரொறொன்ரோவுக்கு எடுத்தார். அங்கே காலை எட்டு. கதிரவேலு கோப்பியோடு இருந்தார். ஞானாம்பிகை மின்னஞ்சலை முதலிலிருந்து கடைசி வரை வாசித்தார்.

"இவ்வளவுதானே? எழுதித் தாறன். என்ரை காசு எண்டு எழுத எனக்கென்ன பயம்?" என்றார் கதிரவேலு.

"பாஸ்போட் கொப்பியும் வேணும் அண்ணை. இருபதாந் திகதிக்கு முதல்."

"ஓமோம். நாளைக்கு அனுப்புறன்."

நாளை போய் அடுத்த நாளும் போயிற்று. மூன்றாம் நாள் வட்ஸ்அப்பில் ஒரு பெருவிரல் படம் வந்தது. ஐந்தாம் நாள் அண்ணி உதயகலா கூப்பிட்டார்.

"மச்சாள், இவர் உங்களுக்கு ஏதோ எழுதித் தாறதெண்டு சொன்னவராம்."

"ஓம். காசு அவரின்ரை எண்டு ஒரு கடிதம்."

"அது சரி. ஆனால் இஞ்சை நாங்கள் வெளியிலை உள்ள சொத்தை ஒரு வருசமும் காட்டேல்லை. அதுக்கு இவங்கள் நிரப்பச்சொல்லித் தனியா ஒரு போம் வைச்சிருக்கிறாங்கள். கையெழுத்து வைச்ச கடிதம் ஒண்டு உலகத்திலை எங்கையாவது கிடந்தால், அது ஒருநாள் வீட்டுக்கதவைத் தட்டும்."

"அப்ப என்ன செய்யிறது மச்சாள்? கடிதம் இல்லாட்டில் என்ரை எண்டு எழுதவேணுமாம்."

அந்தப் பக்கத்தில் ஒரு கதவு சாத்தப்படும் சத்தம் கேட்டது.

"உங்கடை எண்டு எழுதுறதோ?" என்றார் உதயகலா. "அரசாங்கப் புத்தகத்திலையோ?"

"சொத்து விபரத்திலை."

"அது எப்பிடி மச்சாள்? நாளைக்கு உங்களுக்கு ஒண்டு நடந்தால்? நான் கூடாமல் சொல்லேல்லை. எழுத்திலை ஒருக்கால் ஏறினால் பிறகு ஆர் வந்து எங்கடை எண்டு சொல்லுறது?"

ஞானாம்பிகைக்குக் காது சுட்டது. தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினார். "எழுதாமலும் விடேலாது, என்ரை எண்டு எழுதவும் கூடாது, உங்கடை எண்டு நீங்களும் சொல்லமாட்டியள். அப்ப ஆற்றை காசு மச்சாள் அது? பிள்ளையாற்றையோ?"

"கோவிக்கிறியளே மச்சாள்" என்றார் உதயகலா. அதற்குமேல் கதை ஓடவில்லை.

ஜெயரூபன் சுற்றி வளைக்கவில்லை. லண்டனில் மத்தியானச் சாப்பாட்டு நேரம். பின்னால் பாத்திரச் சத்தம் கேட்டது.

"அக்கா, நான் கையெழுத்து வைச்சனெண்டால் என்ரை கதை முடிஞ்சுது. நான் இஞ்சை அரசாங்க உதவி எடுக்கிறன். வீட்டு வாடகைக்கும் அதுதான். ஊரிலை காசு கிடக்கு எண்டு தெரிஞ்சால் கொடுத்ததெல்லாத்தையும் திருப்பிக் கேப்பாங்கள்."

"உதவி எடுக்கிறனி எண்டு எனக்கு ஒருநாளும் சொல்லேல்லையே தம்பி."

"பெருமையான விசயமோ அக்கா, சொல்லித் திரிய? நீங்கள் உங்கடை எண்டு எழுதுங்கோ. எனக்கு அதிலை ஒரு பிரச்சினையும் இல்லை. அண்ணி மாதிரி நான் யோசிக்கமாட்டன். வரி வந்தால் நான் தாறன்."

"எனக்குப் பொய் எழுத விருப்பமில்லை."

"ஆர் பொய் எண்டது? உங்கடை பேரிலைதானே கிடக்கு?"

அந்தக் கேள்வி ஞானாம்பிகையை இரண்டு நாள் தூங்கவிடவில்லை. தபாற்கந்தோரில் ஒருமுறை, வரவு ஏட்டில் விடுபட்ட ஒரு பதிவுத் தபாலை முதல்நாள் திகதியிட்டு எழுதச் சொன்ன மேலதிகாரியிடம் மாட்டேன் என்று நின்று, தூர இடத்துக்கு மாற்றம் வாங்கியவர் அவர். சரியென்று தெரியாத ஒன்றுக்குக் கீழே அவருடைய கையெழுத்து இதுவரை விழுந்ததில்லை. இப்போது விழவேண்டும். அல்லது இரண்டு சகோதரர்களுடைய பெயரையும் எழுதிக் கொடுத்து அவர்களைக் காட்டிக்கொடுக்கவேண்டும். அல்லது எழுதாமல் விட்டு, களவு செய்தவளைப்போல் தண்டம் கட்டவேண்டும். இருபதாம் திகதி நெருங்கியது.

இருபதாம் திகதி காலை மழை தூறிக்கொண்டிருந்தது. ஞானாம்பிகை நான்கு பழுப்பு உறைகளையும் பொலித்தீன் பையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு யாழ்ப்பாணம் பஸ் ஏறினார். தர்சினியின் அலுவலகம் ஒரு மருந்துக்கடைக்கு மேலே, இரண்டு அறை. முப்பத்தைந்து வயதுக்காரி. கண்டிப்பானவள் என்று பெயர். மேசையில் கோப்புகள் இரண்டு பக்கமும் மதிலாக நின்றன.

"வாங்கோ அன்ரி. ஐஞ்சும் வந்திட்டுதோ?"

"நாலு வந்திட்டுது பிள்ளை. ஐஞ்சாவதுக்கு நான் வேறையொண்டு கொண்டு வந்திருக்கிறன்."

உறைகளைத் திறந்து, ஒவ்வொரு முறையும் பணம் வந்ததற்கான சீட்டுகளை வரிசையாக அடுக்கினார். அனுப்பியவர் பெயர், நாள், தொகை. எல்லாவற்றின் மூலையிலும் சிவப்பு வட்டம். தர்சினி ஒன்றொன்றாகப் பார்த்தாள். கோப்பு வைத்திருக்கும் ஒழுங்கைக் கண்டு புருவம் உயர்ந்தது. பிறகு தலையை ஆட்டினாள்.

"என்ரை வாடிக்கையாளர் ஒருத்தரும் இப்பிடி வைச்சிருக்கேல்லை. ஆனால் அன்ரி, இது அண்ணையும் தம்பியும் அனுப்பினது எண்டுதான் சொல்லுது. இப்பவும் அவையின்ரை காசு எண்டு சொல்லேல்லை. அண்ணை தங்கச்சிக்குக் காசு அனுப்பினால் அன்பளிப்பு எண்டுதானே ஆரும் நினைப்பினம்? அனுப்பின காசுக்கு வரியில்லை. உங்கடை பேரிலை அது போட்ட வட்டிக்குத்தான் வரி."

"நான் சொல்லுறன் அது என்ரை இல்லை எண்டு."

"நீங்கள் சொன்னால் நான் நம்புறன். திணைக்களம் கடதாசியை நம்பும்."

"ஒரு மூலையிலை எழுதேலாதோ? இது என்ரை இல்லை, பாதுகாப்புக்கு வைச்சிருக்கிறன் எண்டு?"

"அப்ப ஆற்றை எண்டு அடுத்த கடிதம் வரும். உங்களைக் கூப்பிடுவினம். நீங்கள் பேரைச் சொல்லவேண்டிவரும். சொல்லுவியளோ?"

ஞானாம்பிகை சீட்டுகளின் ஓரங்களைத் தட்டி நேராக்கினார். கீழே மருந்துக்கடையில் யாரோ இருமலுக்கு மருந்து கேட்பது மேலே கேட்டது.

தர்சினி கணக்குப்பொறியைத் தட்டினாள். ஐந்து வைப்புகளின் வட்டி, அதிலிருந்து கழிக்கக்கூடிய வரியற்ற எல்லை, வங்கி ஏற்கனவே பிடித்த வரி. கடைசியில் ஒரு துண்டில் எழுதித் தள்ளினாள். ஒரு இலட்சத்து எண்பதாயிரம். பிந்தினதற்கான வட்டி வேறு.

"உங்கடை ஒரு வைப்பு மட்டுமெண்டால் ஒரு சதமும் கட்டத் தேவையில்லை அன்ரி. பிடிச்சதையும் திருப்பிக் கேட்டிருக்கலாம்" என்றாள். சொன்ன பிறகு, சொல்லியிருக்கக்கூடாதோ என்பதுபோல் ஒரு பேனை மூடியைத் திருகினாள். "மூண்டு மணிக்கு ரொறொன்ரோவுக்கு எடுத்துப் பாருங்கோவன்? நான் நாலு மணி எண்டதை ஆறு மணியாக்கிறன். அதுக்குமேலை ஏலாது. முப்பதுக்குள்ளை இன்னும் நாற்பது கோப்பு கிடக்கு."

"மூண்டு மணிக்கு அங்கை விடியேல்லை பிள்ளை. விடிஞ்சாலும் அதே பதில்தான்." ஞானாம்பிகை உறைகளைத் திரும்பவும் அடுக்கினார். "இப்ப சட்டம் அது ஆற்றை எண்டு சொல்லுது? கடிதம் இல்லாமல்?"

"உங்கடை."

"நீர் படிச்சனீர். நான் இதிலை கையெழுத்து வைச்சால் அது பொய்யோ?"

தர்சினி கணக்குப்பொறியை ஒரு பக்கம் தள்ளிவைத்தாள். "ஆரும் தங்கடை எண்டு சொல்லாத காசு, பேருக்குரியவையின்ரைதான் அன்ரி. நீங்கள் அவையிட்டைக் கேட்டியள். நாள் குறிச்சுக் கேட்டியள். அவை சொல்லேல்லை."

தர்சினி அச்செடுத்துத் தந்த விவரத்திரட்டின் பிரதியை ஞானாம்பிகை ஒவ்வொரு பக்கமாக வாசித்தார். சொத்துகளின் பட்டியலில் ஐந்து வைப்பு இலக்கங்களும் அவருடைய பெயருக்குக் கீழே இருந்தன. இதிலுள்ளவை யாவும் உண்மையும் முழுமையுமானவை என்ற வரிக்குக் கீழே கோடு. பேனை அந்தக் கோட்டுக்கு மேலே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு தபாற்கந்தோர்க் கையெழுத்தை, ஒரு எழுத்தும் சுருக்காமல், முழுப்பெயராக வைத்தார்.

பின்னேரமே விவரத்திரட்டு திணைக்களத்தின் இணையத்தளத்தில் ஏறியது. அடுத்த நாள் தன்னுடைய பணிக்கொடை வைப்பைத் தவணைக்கு முன்னம் உடைத்து வரியைக் கட்டினார். அதனால் வட்டி குறைந்ததை வங்கிப் பிள்ளை இரண்டு தரம் சொல்லி எச்சரித்தாள். தெரியும் என்றார்.

அன்று இரவு சமைக்கவில்லை. பாண் துண்டைத் தேத்தண்ணியில் தோய்த்துச் சாப்பிட்டுவிட்டு, விவரத்திரட்டின் பிரதியைப் படமெடுத்து இரண்டு சகோதரர்களுக்கும் வட்ஸ்அப்பில் அனுப்பினார். கீழே இப்படி எழுதினார்: "இருபதாம் திகதி வரை பார்த்தேன். கடிதம் வரவில்லை. ஆகவே என்னுடையது என்று எழுதியிருக்கிறேன். வரியும் கட்டியாயிற்று. ஒருவரும் தரவேண்டாம். நான்கு வைப்புகளும் சித்திரையில் தவணை முடிகிறது. அதற்குப்பிறகு என் பேரில் புதுப்பிக்கமாட்டேன். யாருடைய பெயருக்கு மாற்றுவது என்று சொல்லுங்கள். மறைக்க எனக்குத் தெரியாது, அதனால்தான் முழுவதையும் அனுப்புகிறேன்."

கதிரவேலுவிடமிருந்து நான்கு நாள் பதிலில்லை. ஐந்தாம் நாள், ஊரில் யாரிடமோ, "தங்கச்சி காசை விழுங்கிப்போட்டாள், எழுத்திலை விழுங்கிப்போட்டாள்" என்று சொன்னதாகக் கதை புத்தூருக்கு வந்தது. லெனாட் காதில் முதலில் விழுந்தது. அவன் ஞானாம்பிகையிடம் சொல்லவில்லை. ஆனால் மூன்று நாளாக அவரிடம் பிரிண்ட் எடுத்த காசு வாங்க மறுத்தான். நாலாம் நாள் அவருக்கு விளங்கிவிட்டது.

"உனக்கென்ன என்னிலை திடீரெண்டு இரக்கம்? சொல்லு, அண்ணை என்னவாம்?" என்றார்.

லெனாட் சொன்னான். ஞானாம்பிகை காசை மேசையில் வைத்துவிட்டு, மிச்சத்தை வாங்காமல் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார். ஏறவில்லை. வீடுவரைக்கும் உருட்டியே போனார்.

ஜெயரூபன் மட்டும் பிரதி கிடைத்த இரவே பதில் போட்டிருந்தான். "நன்றி அக்கா. நீங்கள் செய்ததுதான் சரி. ஒவ்வொரு பக்கத்தையும் தெளிவாக இன்னொருக்கால் அனுப்புங்கோ, கையெழுத்து வைச்ச பக்கத்தையும்." ஒருவனாவது தன்னை விளங்கிக்கொண்டானே என்று ஞானாம்பிகைக்குக் கண் கலங்கியது. வெளிச்சத்தில் வைத்து, நிழல் விழாமல், ஒவ்வொரு பக்கமாகப் படமெடுத்து அனுப்பினார்.

ஜெயரூபன் ஒருநாளும் அரசாங்க உதவி எடுத்தவனல்ல என்பது அடுத்த வருடம் பங்குனியில், அவனுடைய மனைவி கூப்பிட்டபோதுதான் தெரியவந்தது. அந்தக் கார்த்திகையில் அவர்களுடைய விவாகரத்து வழக்கு லண்டன் நீதிமன்றத்தில் இருந்தது. உலகத்தில் எங்கெங்கே என்னென்ன சொத்து உண்டு என்று கேட்டு அவனுக்கும் ஒரு பட்டியல் போயிருந்தது. இலங்கையில் ஒன்றுமில்லை என்று அவன் எழுதிக் கொடுத்தான். அதற்குச் சான்றாக, அந்தப் பணம் தன்னுடையதல்ல, அக்காவினுடையது என்று காட்ட அவன் நீதிமன்றத்தில் வைத்த கடதாசி, ஞானாம்பிகை முழுப்பெயரில் ஒப்பமிட்ட அந்த விவரத்திரட்டு.